புளி விற்ற ஆட்டம்



தொழில் பயிற்சியில் என்ன விளையாட்டு விளையாடினீர்கள் என்று பலரும் கேட்டீர்கள். தொழில் பழகுவதற்கு ஆட்டம் ஆடுவது புதுசு இல்லை. கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் காகிதக் கப்பல் செய்து பயிற்சியாளருக்கே விற்கும் ஆட்டம் உண்டு. எங்களுக்கு வந்த பயிற்சியாளர் அதையே கொஞ்சம் மாற்றி, கப்பலுக்குப் பதில் புளியை வைத்தார். கல்வராயன் மலைக்காரிகளுக்குப் புளியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, விற்பதைப் பற்றி மட்டும் பேசலாம் என்றார்.

நான்கு அணி. அணிக்கு 5,000 ரூபாய் காகிதப் பணம். தோடு உடைத்த கொட்டைப்புளி கிலோ 48 ரூபாய். 50 கிலோ வாங்கித் தட்டிக் கொட்டை எடுத்தால் 30 கிலோ புளி கிடைக்கும், கூலி 300. ஆகச் செலவு 2,700, கிலோவுக்கு 90 ரூபாய் அடக்கம். (கொட்டைக்கும் ஆள் வந்து விலை கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆட்டத்தில் அதை விட்டுவிட்டார்கள்.)

விற்க மூன்று இடம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மண்டியில் தரகு, எடைக்கூலி போகக் கையில் 100 ரூபாய். எவ்வளவு கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்வார்கள், பணம் உடனே. வாரச்சந்தையில் விலையை நாமே வைக்கலாம், ஆனால் கடைவாடகையும் பஸ் கட்டணமும் சேர்ந்து மாதம் 200. மளிகைக் கடைக்காரர்கள் அரைக் கிலோ பாக்கெட்டாகக் கேட்பார்கள். கிலோவுக்கு 130 தருவார்கள், பணம் அடுத்த மாதம். பாக்கெட் ஒன்றுக்கு 4 ரூபாய் செலவு. ஆட்டத்தில் ஒரு மாதம் என்பது அரை மணி நேரம்.

முதல் மாதம் ஒரு அணி எல்லாவற்றையும் மண்டியில் போட்டது. 300 ரூபாய் லாபம், தலைவலி இல்லை. இரண்டாவது அணி சந்தையில் 105 ரூபாய் என்று கூவி 30 கிலோவையும் விற்றுத் தீர்த்தது. மற்ற அணிகள் எல்லாம் கைதட்டின. கணக்குப் போட்டால் கிலோவுக்கு 15 வீதம் 450, அதில் 200 போக நின்றது 250. மண்டியில் சும்மா கொட்டிவிட்டு வந்தவர்களை விட 50 ரூபாய் குறைவு! நாள் முழுக்க நின்று கூவியதற்கு அதுதான் கூலி.

நாங்கள் சந்தையில் 130 வைத்தோம். 18 கிலோ விற்றது, 12 கிலோ மிஞ்சியது. விற்றதில் கிலோவுக்கு 40 வீதம் 720, சந்தைச் செலவு போக 520 லாபம்.

நான்காவது அணி 60 பாக்கெட் போட்டு எல்லாவற்றையும் கடைகளுக்கே கொடுத்தது. காகிதத்தில் அவர்களுக்குத்தான் லாபம் அதிகம், 960 ரூபாய். ஆனால் கையில் மிஞ்சிய பணம் 2,060. அடுத்த மாதம் சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் 2,700 வேண்டும். 30 கிலோ கொட்டைப்புளியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குமேல் கடைக்காரராக நடித்தவர் 20 பாக்கெட்டைத் திருப்பிவிட்டார். பாக்கெட் மேல் பேக் செய்த தேதியும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் இல்லை என்றார். நிஜக் கடையிலும் இப்படித்தான் நடக்கும். எடை, விலை, தேதி, பதிவு எண் எல்லாம் அச்சடித்த பிறகுதான் அது பாக்கெட், அதுவரை வெறும் பொட்டலம்.

இரண்டாவது மாதம்தான் எங்கள் அணிக்குள்ளே சண்டை வந்தது. மிஞ்சியிருக்கிறதே, விலையை 110-க்கு இறக்கலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் விரல் விட்டு எண்ணினார். விலையில் 20 குறைத்தால் கிலோவுக்கு 40 வந்த லாபம் 20 ஆகிறது. போன மாதம் 18 கிலோவில் பார்த்த காசைப் பார்க்க இப்போது 36 கிலோ விற்கணும். அவ்வளவு கூட்டம் வருமா? விலையில் ஆறில் ஒரு பங்கைக்கூட நாங்கள் குறைக்கவில்லை, லாபம் மட்டும் பாதியாகப் போகிறது. அந்த ஒரு கணக்குக்காகவே அந்த ஆட்டத்தை ஆடலாம் என்பது என் கருத்து.

விலையை இறக்காமல் என்ன செய்வது? பயிற்சியாளர் மேசையில் மூடின கவர்கள் இருந்தன. 100 ரூபாய் கட்டினால் ஒரு கவரைப் பிரித்து, வாங்குகிறவர் என்ன நினைக்கிறார் என்று படிக்கலாம். வேறு எந்த அணியும் அதைத் தொடவில்லை, காசு வீண் என்று நினைத்தார்கள். நாங்கள் பிரித்தோம். உள்ளே இரண்டு விஷயம். சந்தைக்கு வருகிற பெண்கள் கால் கிலோதான் கேட்கிறார்கள், நாரும் ஒட்டின கொட்டையும் கிடந்தால் நகர்ந்துவிடுகிறார்கள். இன்னொன்று, மெஸ் நடத்தும் ஒருவருக்கு மாதம் 10 கிலோ சுத்தமான புளி வேண்டும், 120 தருவார், பாக்கெட் தேவையில்லை. அந்த மெஸ் சுவரில் எழுதியிருந்த மூன்று இடத்திலும் இல்லை.

இன்னும் 30 கிலோ தயார் செய்தோம். பழசு 12 சேர்த்து 42. நூறு ரூபாய் கூலி கொடுத்து மறுபடி நார் பொறுக்கினோம். மெஸ்ஸுக்கு 10 கிலோ 120-க்கு. சந்தையில் கால் கிலோவாகப் பிரித்து அதே 130-க்கு 24 கிலோ போனது. மிச்சம் 8 கிலோ மண்டிக்கு. மெஸ்ஸில் லாபம் 300, சந்தையில் 960, மண்டியில் 80. சந்தைச் செலவு 200, கவர் 100, நார் பொறுக்கினது 100 கழித்தால் 940. போன மாதம் 520.

மண்டிக்காரரை எதிரியாகப் பேசுவது நம் கூட்டங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசி 8 கிலோவை அன்றைக்கே காசாக்க அவர் வேண்டும். முப்பது கிலோவையும் அவரிடமே போடுவதுதான் வேறு விஷயம்.

ஆட்டத்தில் இல்லாதது சிலது நம்மிடம் உண்டு, அதையும் சொல்லணும். அங்கே எல்லாருக்கும் 5,000 கொடுத்துத் தொடங்கினார்கள். மேலே வெள்ளிமலைப் பக்கம் காய் மரத்தில் இருக்கும்போதே முன்பணம் வாங்கினவர்களுக்கு எங்கே விற்பது என்ற கேள்வியே வராது, விலை அப்போதே முடிந்துவிட்டது. அவர்களுக்கு முதலில் வேண்டியது சந்தைக் கடை இல்லை, மாசி மாதத்தில் குழுவிலிருந்து ஒரு சின்னக் கடன். அப்புறம், பங்குனியில் விலை இறங்கும், வைத்திருந்து விற்கலாம் என்பார்கள். ஆட்டத்தில் 12 கிலோ மறுமாதமும் அப்படியே இருந்தது. நம் வீட்டுப் புளி மழைக்காலத்து ஈரத்தில் கறுத்துக் கசியும், கறுத்ததைப் புதுப்புளி விலைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். நன்றாகக் காயவைத்து, உப்புப் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கி வைக்க இடம் இருக்கிறவர்கள்தான் காத்திருக்கலாம்.

அந்தக் கவர் மட்டும் நமக்கு 100 ரூபாய்கூட ஆகாது. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் போகும்போது மெஸ், டீக்கடை, ஊறுகாய் போடுகிறவர் என்று ஐந்து பேரிடம் மாதம் எவ்வளவு, எந்த மாதிரிப் புளி, பணம் எப்போது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வரலாம். எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு கடை என்று பிரித்திருக்கிறோம். வரும் மாதக் கூட்டத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, யாருக்கு எத்தனை கிலோ என்று முதலில் எழுதுவோம். புளி தட்டுவது அதற்கப்புறம்.

ஆட்டத்துக் கணக்குத் தாளைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், வேண்டிய குழுக்கள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.