மொத்தம் சரி, வரி தப்பு: மளிகை பில்லை போட்டோவிலிருந்து சரிபார்ப்பது எப்படி

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு மளிகை பில் போதும். சிங்காநல்லூர் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்ல வாங்கினதா வச்சுக்குங்க. நம்ம கேள்வி ரெண்டே ரெண்டு: பில்லில் உள்ள பொருட்களைக் கூட்டினா மொத்தம் வருதா? கீழே அச்சடிச்சிருக்கிற ஜிஎஸ்டி அந்தப் பொருட்களோட பொருந்துதா? முதல் கேள்வியை நிறைய பேர் பார்ப்பாங்க. ரெண்டாவதை யாருமே பார்க்கிறதில்லை. ஆனா தப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

ஒரே பில்லுக்குள்ள பல வரி விகிதம் இருக்கிறதுதான் இதுல சிக்கலே. இதைக் கோயம்புத்தூர்க்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 செப்டம்பர்ல, இங்க நடந்த கூட்டத்துல, அன்னபூர்ணா ஹோட்டல் சீனிவாசன் மத்திய நிதியமைச்சர்கிட்ட இதைத்தான் கேட்டார். அப்போ பன்னுக்கு வரி இல்லை, அதுக்குள்ள கிரீம் வச்சா 18 சதவீதம். ஒரே குடும்பத்துக்குப் பில் போட கம்ப்யூட்டரே திணறுதுன்னு சொன்னார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஹோட்டல்ல நடக்கிற அதே விஷயம்தான் மளிகை பில்லிலும் நடக்குது.

முதலில் போட்டோ

பில் பேப்பர் சூட்டுல அச்சாகிற பேப்பர். வண்டி டேங்க் கவர்ல ஒரு வாரம் கிடந்தா எழுத்து மங்கிடும். அதனால அன்னைக்கே எடுங்க. மேஜையில மடிப்பில்லாம விரிச்சு, ஃப்ளாஷ் இல்லாம, நேர் மேலிருந்து எடுக்கணும். நீளமான பில்லுன்னா ரெண்டு போட்டோ எடுங்க. ரெண்டிலும் ஒரு ரெண்டு வரி பொதுவா இருக்கட்டும், நடுவுல எதுவும் விட்டுப்போகாது. ஆனா டைப் பண்ணும்போது அந்தப் பொது வரிகளை ரெண்டு தடவை சேர்த்துடாதீங்க.

போட்டோவுல 3-ம் 8-ம், 1-ம் 7-ம் குழம்பும். சந்தேகம் வந்தா அளவையும் விலையையும் பெருக்கிப் பாருங்க. கேரட் 1.250 கிலோ, கிலோ 76 ரூபாய்னா 95 வரணும். கண்ணுக்கு 85 மாதிரி தெரிஞ்சாலும் அது 95தான்.

கூட்ட வேண்டியது கடைசிப் பத்தியை மட்டும், அதாவது நீங்க அந்தப் பொருளுக்குக் கொடுத்த தொகையை. பக்கத்துல எம்ஆர்பின்னு இன்னொரு பத்தி இருக்கும், அதைக் கூட்டக்கூடாது.

நம்ம பில்லில் ஆறு பொருள். கேரட் 95, உப்பு 30, பாக்கெட் அரிசி அஞ்சு கிலோ 315, கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 210, டூத்பேஸ்ட் 105, டிடர்ஜென்ட் பவுடர் 236. கூட்டினா 991 ரூபாய். பில்லிலும் 991. முதல் கேள்வி முடிஞ்சது.

வரியை உள்ளிருந்து பிரிக்கணும்

இங்கதான் பலரும் சறுக்குவாங்க. 105 ரூபாய்க்கு 5 சதவீதம்னா 5.25-ன்னு கணக்குப் போட்டு, பில்லில் 5 ரூபாய்தான் இருக்கேன்னு குழம்புவாங்க. பில் சரி, கணக்குதான் தப்பு. நம்ம ஊர்ல பாக்கெட்ல இருக்கிற எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. 105-ங்கிறது 100 ரூபாய் பொருள், 5 ரூபாய் வரி. அதனால விலையை வரி விகிதத்தால பெருக்கி, நூறும் விகிதமும் சேர்ந்த எண்ணால வகுக்கணும். ஷீட்ல தொகை B பத்தியிலயும் விகிதம் C பத்தியிலயும் இருந்தா:

```
=ROUND(B2*C2/(100+C2),2)
```

இப்போ விகிதத்துக்கு வருவோம். காய்கறிக்கும் உப்புக்கும் வரி இல்லை. பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம். அதே அரிசியை மூட்டையிலிருந்து அளந்து வாங்கினா வரி கிடையாது. எண்ணெய்க்கும் 5. டூத்பேஸ்ட் முன்னாடி 18-ல இருந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து 5. டிடர்ஜென்ட் பவுடர் அப்பவும் 18, இப்பவும் 18.

ஒரே விகிதத்துல இருக்கிறதை ஒண்ணா சேருங்க. 5 சதவீதத்துல மொத்தம் 630 ரூபாய், அதுக்குள்ள வரி 30. 18 சதவீதத்துல 236 ரூபாய், வரி 36. ஆக மொத்த வரி 66. பில்லுக்குக் கீழே ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதுல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு பாதி பாதியாப் பிரிச்சிருப்பாங்க: 15-ம் 15-ம், 18-ம் 18-ம். ஒண்ணு மத்திய அரசுக்கு, ஒண்ணு மாநிலத்துக்கு. சில பைசா வித்தியாசம் வந்தா விட்டுடுங்க, அது முழுமையாக்குறதுல வர்றது. தள்ளுபடி இருந்தா, தள்ளுபடி போக மீதித் தொகைக்குத்தான் வரி.

மொத்தம் மாறாது, அட்டவணை மாறும்

இப்போ நம்ம பில்லில் அச்சான வரி 66 இல்லை, 77.02-ன்னு வச்சுக்குங்க. மொத்தம் அதே 991தான். 11 ரூபாய் எங்கிருந்து வந்தது?

அட்டவணையைப் பார்த்தா தெரிஞ்சிடும். 5 சதவீத வரியில 630-க்குப் பதிலா 525 இருக்கு. 18-ல 236-க்குப் பதிலா 341 இருக்கு. ரெண்டு இடத்துலயும் வித்தியாசம் 105. நம்ம பில்லில் 105 ரூபாய்ப் பொருள் ஒண்ணுதான், டூத்பேஸ்ட். கடையோட பில்லிங் சாஃப்ட்வேர்ல அதுக்குப் பழைய 18 சதவீதமே இருக்குன்னு அர்த்தம்.

"நான் கொடுத்தது அதே 991 தானே, எனக்கென்ன"ன்னு கேட்கலாம். 105-ல 18 சதவீத வரியை எடுத்தா பொருளோட விலை 88.98. அதுக்கு 5 சதவீதம் சேர்த்தா 93.43 ரூபாய். அரசு குறைச்ச வரி விலையில வந்திருந்தா நீங்க கொடுத்திருக்க வேண்டியது அதுதான். ஒரு டூத்பேஸ்ட்ல பதினொண்ணரை ரூபாய். அதே தப்பு அன்னைக்கு அதை வாங்கின எல்லார் பில்லிலும் ஏறியிருக்கும்.

இன்னொரு வகைத் தப்பைக் கண்டுபிடிக்கிறது சுலபம். வரிகளைக் கூட்டினா 991 வருது, ஆனா பில் மொத்தம் 1064.98. வித்தியாசம் 73.98, அதாவது 630-க்கு 5 சதவீதமும் 236-க்கு 18 சதவீதமும் மேல சேர்த்தா வர்ற தொகை. உடனே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எம்ஆர்பி டூத்பேஸ்ட்ல 105-ஏ இருந்தா, வரி சேர்ந்த விலை மேல மறுபடி வரி போட்டிருக்காங்க. எம்ஆர்பிக்கு மேல விற்கக்கூடாது. ஆனா சில கடைகள் வரிக்கு முந்தைய விலையைப் பட்டியல்ல போட்டு, கீழே வரியைச் சேர்ப்பாங்க. கடைசி விலை எம்ஆர்பிக்குள்ள இருந்தா அதுல தப்பு இல்லை.

பில்லில் வரியே இல்லைன்னா அதுவும் தப்புன்னு எடுத்துக்காதீங்க. காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற சின்ன மளிகைக் கடை வாடிக்கையாளர்கிட்ட வரி வசூலிக்கக்கூடாது. சந்தேகம்னா, பில்லில் 33-ல ஆரம்பிக்கிற ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்துல Search Taxpayer-ல போட்டா, அந்தக் கடை எந்த வகைன்னு காட்டும்.

தப்பு தெரிஞ்சா முதல்ல கவுண்டர்ல இருக்கிறவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, விகிதத்தை அவர் மாத்த முடியாது. மேனேஜர்கிட்ட அட்டவணையையும் அந்த ஒரு பொருளையும் காட்டுங்க. "அண்ணா, இந்தப் பேஸ்ட் சாஃப்ட்வேர்ல இன்னும் 18-ல இருக்குதுங்க"ன்னு சொன்னா போதும். ஐட்டம் மாஸ்டர்ல ஒரு எண்ணை மாத்தினா அடுத்த பில்லிலிருந்து சரியாகிடும். மாத்தலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்க பேசும்போது பில் போட்டோவையும் பாக்கெட்ல எம்ஆர்பி தெரியிற போட்டோவையும் கையில வச்சுக்குங்க.