நோன்புக் கஞ்சிக் காணொளி: சொல்லும் ஓர் அமானிதமே

(சங்கக் குடும்பத்தினர் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





ரமலானுக்கு முன்பு பள்ளிவாசல் கஞ்சிச் சமையலுக்கு நிதி திரட்ட ஒன்றரை நிமிடக் காணொளி எடுக்க வேண்டும், அதற்கு வசனம் எழுதித் தாருங்கள் என்று நிர்வாகத்தினர் என்னிடம் கேட்டார்கள். ஒரே இரவில் எழுதிவிட்டேன். அதைத் திருத்தத்தான் மூன்று வாரம் ஆயிற்று. ஏன் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

என் முதல் வரி இது: "ஒரு வெள்ளி இருபது காசு கொடுங்கள், ஓர் ஏழையின் நோன்பு திறக்கும்." கேட்க நன்றாக இருந்தது. பண்டாரி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கிடாரத்தில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, "தம்பி, அந்தக் காசில் அடுப்பு எரியுமா?" என்று கேட்டார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புரிவதற்காக முழு எண்ணிலேயே சொல்கிறேன். ஒரு நாளைக்கு 400 பேருக்குக் கஞ்சி என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால், இஞ்சி பூண்டு, வெந்தயம், ரம்பை இலை எல்லாம் சேர்த்து 480 வெள்ளி. இதை 400ஆல் வகுத்தால் என்னுடைய ஒரு வெள்ளி இருபது காசு வரும். ஆனால் எரிவாயு 60, டப்பாவும் பையும் 60, சமையல் கூலி 200. மொத்தம் 800 வெள்ளி. ஆளுக்கு இரண்டு வெள்ளி. 30 நாளுக்கு 24,000 வெள்ளி.

குறைத்துச் சொன்னால் நிறையப் பேர் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். நான் சொன்ன கணக்குப்படியே எல்லோரும் கொடுத்தாலும் 9,600 வெள்ளி துண்டு விழும். அதை வேறு நிதியிலிருந்து எடுக்க வேண்டி வரும். "சராசரியாக" என்ற சொல்லையும் சேர்த்தோம். 300 பேர் வந்தாலும் கூலி அதேதான், ஆகவே ஒரு டப்பாவின் விலை நாளுக்கு நாள் மாறும்.

அடுத்து, "ஏழை" என்ற சொல். அஸருக்குப் பிறகு வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்கள், மாணவர்கள், அலுவலகம் முடிந்து வருபவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், மாற்று மதச் சகோதரர்கள். நானும் நிற்கிறேன், உங்களில் பாதிப்பேரும் நிற்கிறீர்கள்! நம் எல்லோரையும் ஏழை என்று காட்டிப் பணம் கேட்கலாமா? களைத்த ஊழியர் ஒருவரின் முகத்தை நெருக்கத்தில் எடுத்திருந்தோம். அவர் ஊரில் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று அதை நீக்கிவிட்டு, டப்பா வாங்கும் கைகளை மட்டும் வைத்தோம்.

இந்தச் சொல்லில் மார்க்கச் சிக்கலும் உண்டு. ஏழைக்கு என்று சொன்னால் கேட்பவர் ஜகாத் பணத்தை அனுப்பிவிடுவார். ஜகாத் பெற உரியவர் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. நம் கஞ்சியோ வசதி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் போகிறது. ஆகவே "இது சதகா, ஜகாத் அல்ல" என்று வாய்விட்டே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஜகாத்தை வசூலித்துப் பங்கிடும் பொறுப்பு முயிஸுடையது.

மூன்றாவது, மிச்சப் பணம். 24,000 கேட்டு 30,000 வந்தால்? கஞ்சிக்கு என்று நிய்யத் வைத்துத் தந்த பணத்தை, தந்தவரிடம் சொல்லாமல் கூரை பழுதுபார்க்க எடுக்க முடியாது. பணம் வந்தபின் முடிவு செய்தால் சண்டைதான் மிஞ்சும். முன்கூட்டியே முடிவு செய்து காணொளியிலேயே சொன்னோம்.

"நீங்கள் கொடுக்காவிட்டால் அடுப்பு அணைந்துவிடும்" என்றும் எழுதியிருந்தேன். அது உண்மையில்லை. பணம் குறைந்தால் அளவு குறையும், அவ்வளவுதான். நிதி கேட்கும்போது தவறான எண்ணம் தரக்கூடாது என்பது இந்நாட்டு அறக்கொடை விதியும்கூட.

இறுதியில் நின்ற வசனம் இது:

காட்சி: கிடாரம், துடுப்பு, ஆவி.
குரல்: "ரமலானில் தினமும் ஏறத்தாழ 400 பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம். யார் வந்தாலும் கொடுக்கிறோம்."

காட்சி: அரிசி மூட்டை, எரிவாயு, டப்பாக்கள்.
குரல்: "பொருள், எரிவாயு, டப்பா, கூலி சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக இரண்டு வெள்ளி. மாதம் முழுவதற்கும் 24,000 வெள்ளி தேவை."

காட்சி: டப்பா வாங்கும் கைகள்.
குரல்: "இது சதகா, ஜகாத்தை இதற்கு அனுப்ப வேண்டாம். மிச்சமானால் அடுத்த ரமலான் கஞ்சிக்கே வைப்போம். பெருநாளுக்குப் பின் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம்."

கண்ணீர் வரவழைக்கும் வசனம் இல்லைதான். ஆனால் பலகையில் ஒட்டும் கணக்கையும் இந்தக் காணொளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் சரிபார்க்கலாம். பண்டாரி அண்ணனிடம் மறுபடியும் படித்துக் காட்டினேன். "இப்போது அடுப்பு எரியும்" என்றார்.

அல்லாஹ் நம் கொடையையும் சொல்லையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.