சீரகத் தண்ணியின் மணம் எங்கே போகுது?

(புத்தளம் கரையோரத் தென்னந்தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு ஊதினால் ஒரு கரண்டி பெருஞ்சீரகம், அஜீரணம் என்றால் சின்னச்சீரகத் தண்ணி, குமட்டினால் வாயில் ஒரு ஏலக்காய். இது நமக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தந்ததல்ல. இந்த மூன்று சாமான்களிலும் வயிற்றுக்கு வேலை செய்கிறது என்ன, அது நாம் குடிக்கிற கோப்பைக்கு வந்து சேருதா, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்றுதான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு சம்பவம். தோட்டத்தில் ஒரு வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை. பொழுதுசாயும் நேரம் வந்தால் காலை மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, ஒன்றிரண்டு மணித்தியாலம் விடாமல் அழும். ஆச்சி பெருஞ்சீரகத்தை அவித்து, வடித்து, பாலாடையில் ஊட்டினார். அழுகை குறைந்த மாதிரித் தெரிந்ததும் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை ஆகிவிட்டது. மாத முடிவில் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறவில்லை, அப்படியே படுத்திருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் அம்மா யாரையும் ஏசவில்லை. "ஆச்சி, ஒரு தரத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டு, அதே பாலாடையில் தண்ணி ஊற்றி அளந்து காட்டினார். ஒரு தரத்துக்கு 25 மில்லிலீற்றர். ஆறு தடவைக்கு 150. அந்த வயதுப் பிள்ளை ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் பால் குடிக்க வேண்டும். நாலரைக் கிலோப் பிள்ளைக்கு அது 675. அதில் 150ஐத் தண்ணி பிடித்துக்கொண்டால், பிள்ளைக்கு வயிறு நிரம்பும், பால் நிரம்பாது. வாய் வைத்து உறிஞ்சுவது குறைந்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும்.

தண்ணியை நிறுத்தினார்கள், பால் கொடுப்பதைக் கூட்டினார்கள். அடுத்த தடவை கோடு ஏறியது. அழுகை மட்டும் இன்னும் சில கிழமை இருந்து, மூன்று மாதம் தாண்டினபோது தானாகவே நின்றுவிட்டது. இந்த மாலை அழுகை ஆறாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்குவதுதான் வழமை.

ஆச்சி நம்மிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அப்ப எங்க அம்மா குடுத்ததெல்லாம் பொய்யா தம்பி?" அதற்குப் பதில் சொல்ல விதைக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு பெருஞ்சீரகத்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீளத்துக்கு வரிவரியாக மேடு இருக்கும். அந்த மேடுகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், மயிரிழை போல எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன. சின்னச்சீரகமும் இதே குடும்பம், அதற்கும் இதே அமைப்பு. ஏலக்காயில் எண்ணெய் இருப்பது உள்ளே இருக்கிற கறுப்பு விதையில். பச்சைத் தோலில் மிகச் சொற்பம். இது தேங்காய் எண்ணெய் மாதிரி இல்லை. தேங்காய் எண்ணெயைத் துணியில் ஊற்றினால் கறை நிற்கும். இது காற்றோடு பறந்துபோகிற மணத் தைலம். பெருஞ்சீரகத்தில் இதன் பெரும்பகுதி அனெத்தோல் என்ற பொருள். அந்த இனிப்பு வாசம் அதனுடையது. சின்னச்சீரகத்தின் காரமான வாசம் கியூமினால்டிஹைட். ஏலக்காயில் சினியோல் இருக்கிறது, யூகலிப்டஸ் தைலத்தில் இருப்பதும் அதுதான். ஏலக்காயைக் கடித்தால் மூக்குவரை குளிர்ச்சி ஏறுகிறதே, காரணம் அதுவே.

நல்ல பெருஞ்சீரகத்தில் நூற்றுக்கு 2 முதல் 6 பங்குவரை தைலம் இருக்கும். ஒரு தேக்கரண்டி விதை சுமார் 2 கிராம். நூற்றுக்கு 4 பங்கு என்று வைத்தால், அதில் 80 மில்லிகிராம் தைலம். ஒரு சில துளிதான். அந்தச் சில துளியை நாம் எப்படிக் கையாளுகிறோம்?

கறுவா இலை எண்ணெய் வடிக்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். இலையைத் தண்ணியோடு கொதிக்க வைக்கிறார்கள், ஆவி எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியே போகிறது, குளிர்ந்ததும் எண்ணெய் பிரிகிறது. நம் வீட்டு அடுப்பில் நடப்பதும் அதே வேலை, பிடித்து வைக்கக் குழாய் மட்டும் இல்லை. "எட்டொன்றாக வற்ற வையுங்கள்" என்று பெரியவர்கள் சொல்வது வேருக்கும் பட்டைக்கும் பொருந்தும், அவற்றின் சாரம் பறக்காது. பெருஞ்சீரகத்தைத் திறந்த சட்டியில் அரை மணித்தியாலம் வற்ற வைத்தால் மணம் கூரைக்குப் போகும். வீடு முழுக்க மணந்தால் கோப்பையில் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சரியான முறை சின்ன வேலைதான். விதையை அம்மியிலோ கரண்டியின் அடியிலோ ஒரு தட்டுத் தட்டி உடைக்க வேண்டும். மாவாக அரைக்கத் தேவையில்லை, குழாய் உடைந்தால் போதும். கொதித்த தண்ணியை அடுப்பிலிருந்து இறக்கி அதன் மேல் ஊற்றி, உடனே மூடி, கால்மணி நேரம் விட வேண்டும். மூடியின் உட்பக்கம் வேர்த்திருக்கிற துளியையும் கோப்பையில் தட்டிவிடுங்கள், அதிலும் தைலம் உண்டு. எப்படிச் செய்தாலும் தைலம் தண்ணியோடு நன்றாகக் கலக்காது, ஒரு பங்குதான் இறங்கும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத் தேக்கரண்டியை மென்று தின்பது இதைவிட நேர்வழி. பல் இருக்கிறவர்களுக்கு.

இனி, வயிற்றில் இது என்ன செய்கிறது? பிராணிகளின் குடல் துண்டுகளை வைத்து ஆய்வுசாலையில் செய்த சோதனைகளில், இந்தத் தைலங்கள் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தின. தசை தளர்ந்தால் அடைபட்ட காற்று நகரும், முறுக்கு வலி குறையும். மனிதரிடம் பார்த்தது குறைவு. சின்னச்சீரகத் தைலத்தை 2013இல் ஈரானில், நாட்பட்ட குடல் உபாதை உள்ள 57 பேருக்கு நான்கு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். வலியும் ஊதலும் குறைந்தன. ஆனால் மருந்து இல்லாத இன்னொரு கூட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, ஆகையால் எவ்வளவு சீரகத்தால், எவ்வளவு நம்பிக்கையால் என்று பிரிக்க முடியாது. ஏலக்காயின் வயிற்று வேலையைப் பற்றி உள்ளதில் பெரும்பாலானவை எலி, முயல் சோதனைகள்தான்.

ஆச்சியின் கேள்விக்கு நேரான பதில் 2003இல் வெளிவந்த ரஷ்ய நாட்டு ஆய்வில் இருக்கிறது. இப்படி அழுகிற 125 கைக்குழந்தைகளை எடுத்து, ஒரு பங்குக்குப் பெருஞ்சீரகத் தைலம் கலந்த நீர், மறு பங்குக்கு அதேபோலத் தோன்றும் வெறும் கலவை கொடுத்தார்கள். தைலம் பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேருக்கு அழுகை அடங்கியது. வெறும் கலவை பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு. ஆகவே ஆச்சியின் அம்மா சொன்னது பொய்யல்ல, அதில் ஒரு உண்மை உண்டு. ஒன்றுமே இல்லாத கலவையிலும் நாலில் ஒரு பிள்ளை சுகமானதையும் கவனியுங்கள். நாம் கொடுத்ததால்தான் நின்றது என்று அடித்துச் சொல்ல முடியாதது அதனால்தான்.

ஆனாலும் அந்த ஆய்வை நம் பாலாடைக்குக் கொண்டுவர முடியாது. அவர்கள் கொடுத்தது ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் தைலம், தண்ணியோடு பிரியாமல் நிற்கும்படி வேறொரு பொருள் சேர்த்து அளந்து செய்தது. நம் வடிநீரில் இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு ஒரு அளவு. கிணற்றுத் தண்ணி, பாலாடையின் சுத்தம் வேறு கவலை. பெருஞ்சீரகத்தில் எஸ்ட்ரகோல் என்ற இன்னொரு பொருளும் கொஞ்சம் இருக்கிறது. அதை எலிகளுக்கு மிகப் பெரிய அளவில் கொடுத்தபோது ஈரலில் கட்டி வந்தது. கறியில் போடுகிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை, தினமும் மருந்தாகப் பிள்ளைக்கு ஊட்டுவதுதான் பிரச்சினை. ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2007இல் வெளியிட்ட ஏட்டில் பெருஞ்சீரகத் தேநீரை நாலு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றது. பெரியவர்களுக்கு ஒரு தரம் 1.5 முதல் 2.5 கிராம், நாளுக்கு மூன்று தரம், இரண்டு கிழமைக்கு மேல் தொடர வேண்டாம் என்றது. அதுவும் நெடுங்காலப் பழக்கத்தை வைத்துச் சொன்னதே. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் மருந்தாகக் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல்.

பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊதலுக்கு இது சரி. நெஞ்சை அமுக்கி வேர்த்துக்கொட்டுகிற வலி, தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி, கறுப்பாகப் போகிற மலம், இவற்றுக்குச் சீரகத் தண்ணி குடித்து ஒரு இரவைக் கடத்த வேண்டாம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லுப்போல வயிறு என்றால் அதே நேரம் ஆஸ்பத்திரிக்கு.

கடையில் வாங்கும்போது பேரையும் பார்த்துச் சொல்லுங்கள். சிங்களத்தில் மாதுரு என்றால் பெருஞ்சீரகம், சூதுரு என்றால் சின்னச்சீரகம். ஒன்று கேட்டு மற்றதோடு வந்தவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். பெருஞ்சீரகம் இளம்பச்சையாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்து மணந்து, இரண்டை வாயில் போடுங்கள். இனிப்பும் மணமும் வராமல் வைக்கோல் மாதிரி இருந்தால் பழசு, இல்லையென்றால் தைலம் வடித்தெடுத்த சக்கை. அப்படியும் விற்கிறார்கள். தூளாக வாங்கினால் தைலம் வேகமாகப் பறக்கும். நம் கடற்கரைக் காற்றில் கடதாசிப் பையில் வைத்தால் ஈரமும் ஏறும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கூட்டம் முடிகிற நேரம் ஒரு அக்கா கேட்டார், ஏலக்காய்த் தோலைத் தேத்தண்ணிக்குப் போடலாமா என்று. தாராளமாகப் போடலாம், கொஞ்சம் மணக்கும். வயிற்றுக்கு என்றால் விதையைத் தட்டிப் போடுங்கள். விதையைத் தோலோடு வைத்திருந்து, தேவையான நேரம் மட்டும் உடையுங்கள். அந்தத் தோல் விதைக்கு மூடி.