பழைய காருக்கு எந்த இன்சூரன்ஸ்?

அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய சின்னக் கார்கள் நிறைய உண்டு. கல்யாணம், காதுகுத்து, மதுரை ஆஸ்பத்திரி என்று குடும்பத்தைச் சுமப்பவை இந்தக் கார்கள்தான். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஒரு கேள்வி வரும். ஃபுல் இன்சூரன்ஸ் போடுவதா, தர்டு பார்ட்டி மட்டும் போதுமா?

தர்டு பார்ட்டி சட்டப்படி கட்டாயம். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022இல் அரசு நிர்ணயித்த பிரீமியம் 2,094 ரூபாய், வரி தனி. உங்கள் வண்டி மோதி வெளியாள் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, தீர்ப்பாகும் நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டும்; அதற்கு உச்சவரம்பு இல்லை. இதை விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்துக் கட்டுவதா என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு வயதான கார். பாலிசியில் ஐ.டி.வி., அதாவது வண்டியின் மதிப்பு, 80,000 ரூபாய். இதுவரை க்ளெய்ம் எதுவும் வாங்காததால் 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் இருக்கிறது. அதைக் கழித்து, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் வரியோடு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

திருச்சுழி ரோட்டில் சீமைக்கருவேலம் மறைக்கும் ஒரு வளைவில் ஆட்டுமந்தை குறுக்கே வருகிறது. பிரேக் அடித்தும் வண்டி சறுக்கி மைல்கல்லில் இடிக்கிறது. பம்பர், ஹெட்லைட், பானெட், பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்து பில் 16,000 ரூபாய். இது முழுதாகக் கைக்கு வராது. பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி விலைதான். பத்து வயது தாண்டிய வண்டிக்குத் தகர பாகங்களுக்கும் பாதிதான். கூலி மட்டும் முழுதாகக் கிடைக்கும். கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய் போக, கையில் வருவது பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

போனஸும் போய்விடும். அது மறுபடி 50 சதவீதத்தை எட்டும்வரை கூடுதலாகக் கட்டுவது ஏறத்தாழ 3,750 ரூபாய். அதையும் கழித்தால் மிச்சம் ஏறத்தாழ ஆறாயிரம். அதாவது நான்கு வருஷ பிரீமியம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இப்படி இடித்தால்தான் கணக்கு நேராகும். தகரத்தை மட்டும் பார்த்தால், பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சொந்தக் காரில் கூட வரும் தம்பி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் தர்டு பார்ட்டி பாலிசியில் தானாகவே அடங்கிவிடுவார்கள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் எடுத்த பாலிசி, சொந்தக் காரில் சும்மா கூட்டிப்போகும் ஆட்களுக்குப் பொறுப்பேற்காது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது, அவர்களுக்கும் பொறுப்பேற்கும் என்று 2012இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதன் பொருளைப் பாருங்கள். எதிர் வண்டி மேல் தப்பு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கொடுக்கும். நம் டிரைவர் கண்ணயர்ந்து புளியமரத்தில் மோதி, பின் சீட்டில் இருந்த உறவுக்காரர் இறந்துபோனால்? தர்டு பார்ட்டி மட்டும் இருந்தால், நஷ்டஈடு காரின் சொந்தக்காரர் தலையில் விழும். தீர்ப்பாகும் தொகை லட்சக்கணக்கில் இருக்கலாம். அதற்கு நிலத்தையும் வீட்டையும்தான் விற்க வேண்டிவரும். வருஷத்துக்கு 1,500 ரூபாய் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

ஆனால் பேக்கேஜ் பாலிசி இருந்தாலும், ஆள் ஏற்றி வாடகை வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தால், கம்பெனி கட்டிய பணத்தைப் பிறகு உங்களிடமே வசூலிக்கலாம்.

ஆகவே என் முடிவு இது. தனியாளாக டவுனுக்குள் கடைக்கும் மில்லுக்கும் போய்வரும் கார், அது போனாலும் குடும்பம் தாங்கும் என்றால், தர்டு பார்ட்டியோடு உங்களுக்கான பதினைந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் போதும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு நாற்கரச் சாலையில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போகிற கார் என்றால், வண்டி எவ்வளவு பழசானாலும் பேக்கேஜை விடாதீர்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாமல் போனஸைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இன்றே உங்கள் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் ‘லயபிலிட்டி ஒன்லி’ என்று இருந்தால், பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தாள் பொறுப்பில்லை. அது தெரிந்த பிறகு அவர்களை வண்டியில் ஏற்றுங்கள்.