ஆறிய குவியல் எல்லாம் மக்கிய உரமா?



ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் குப்பம் பகுதியில் இருக்கிறது ராமகுப்பம். கறவை மாடு, மல்பெரித் தோட்டம், தக்காளி, கோஸ் என்று பிழைக்கும் ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய. சாணம், பட்டுப்புழு தின்று மிஞ்சிய மல்பெரித் தண்டு, வீட்டுக் காய்கறிக் கழிவு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். மக்கு உரம் செய்வது அங்கே யாருக்கும் பெரிய வித்தையில்லை. சிக்கல் வருவது கடைசிப் படியில்தான். குவியல் ஆறிவிட்டது, கறுத்துவிட்டது, மண்வாசனை வருகிறது, இனி மூட்டை கட்டலாம் என்று முடிவெடுக்கிறோமே, அந்த இடத்தில்.

அரைகுறையாக மக்கிய உரத்தில் அசிட்டிக் அமிலம் போன்ற அமிலங்களும் அம்மோனியாவும் தங்கியிருக்கும். நாற்றங்காலில் அதைப் போட்டால் முளைத்து வரும் வேரின் நுனி கருகும். தப்பிப் பிழைத்த நாற்றும் வெளிறி நிற்கும். மிச்சத்தை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு இழுத்துக்கொள்வதுதான் காரணம். வாங்கிய விவசாயி விதைக் கம்பெனியைத் திட்டுவார். உரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதலில் சூட்டைப் பார்ப்போம். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை போகும். பிறகு மெல்ல இறங்கும். இறங்கியதும் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் குவியல் ஆறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. காய்ந்துபோனால் நுண்ணுயிர் முடங்கிவிடும், குவியல் ஆறிவிடும். மழையில் நனைந்து காற்றுப் புகாமல் அமுங்கினாலும் ஆறிவிடும். ராமகுப்பம் மேட்டு நிலம். மார்கழி இரவுக் குளிரில் சின்னக் குவியல் தானாகவே சூட்டை இழந்துவிடும். இந்த மூன்றும் மக்கிய குவியல்கள் அல்ல, தூங்கும் குவியல்கள். வயலில் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

ஆகவே குவியலை எழுப்பிப் பார்க்க வேண்டும். நன்றாகப் புரட்டி, தேவையான அளவு தண்ணீர் தெளித்து, மறுபடி குவித்து வையுங்கள். எவ்வளவு ஈரம் என்றால், ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் கசியக்கூடாது. மூன்று நான்கு நாளில் நடுவில் சூடு ஏறினால் அது இன்னும் முடியவில்லை. நீண்ட தண்டுள்ள தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கடப்பாரையை நடுவில் குத்தி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காத சூட்டை அது காட்டிக் கொடுக்கும். ஆனால் வெளிச்சூட்டைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருப்பது கைக்குத் தெரியாது.

அந்தச் சின்ன வித்தியாசத்தையும் பிடிக்க ஜெர்மனியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வேண்டியது வெந்நீர் வைக்கும் பிளாஸ்க்தான். அகன்ற வாயுள்ள, ஒன்றரை, இரண்டு லிட்டர் பிளாஸ்க்காக இருக்கட்டும். குவியலின் மேற்பரப்பை விட்டு, உள்ளே எட்டுப் பத்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, பெரிய கட்டைகளைச் சலித்து நீக்கி, நான் சொன்ன கைப்பிடி ஈரத்துக்குக் கொண்டுவந்து, ஓரிரவு நிழலில் ஆற விடுங்கள். மறுநாள் அமுக்காமல் பிளாஸ்க்கில் நிரப்பி, அடிப்பகுதிக்குச் சற்று மேலே தொடும்படி தெர்மாமீட்டரைச் செருகுங்கள். மூடி போட வேண்டாம். நுண்ணுயிருக்குக் காற்று வேண்டும். பிளாஸ்க்கை வீட்டுக்குள் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் உள்சூட்டையும் அறைச்சூட்டையும் எழுதி வையுங்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் சூடு உச்சத்தைத் தொட்டுவிடும். உச்சத்தில் அறையைவிட 10 டிகிரிக்குள் நின்றால் அது முற்றிய உரம். 20 வரை போனால் முக்கால்வாசி வந்துவிட்டது, வயலுக்கு ஆகும், நாற்றங்காலுக்கு ஆகாது. அதற்கும் மேலே போனால் மூட்டையைத் தொடாதீர்கள்.

பிளாஸ்க் சோதனையில் தேறியது மட்டும் போதாது. நுண்ணுயிர் அடங்கியதைத்தான் அது சொல்லும். வேருக்கு ஆகாத பொருள் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு விதையைத்தான் கேட்க வேண்டும். இத்தாலியில் சுக்கோனி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1981-இல் வெளியிட்ட முறை இது. முளைத்த எண்ணிக்கையோடு வேரின் நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் அடிக்கடி குலுக்கி, துணியில் வடிகட்டுங்கள். ஒரு தட்டில் வடிகட்டும் தாளை விரித்து, அது நனையுமளவு இந்தச் சாற்றை ஊற்றி, 20 முள்ளங்கி விதையைப் பரப்பி மூடி வையுங்கள். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர், அதே 20 விதை. முள்ளங்கி இல்லையென்றால் தக்காளி விதை வைக்கலாம், முளைக்க நாள் கூடும். பச்சைப்பயறு வேண்டாம். பெரிய விதைக்குள் சொந்தச் சாப்பாடு இருப்பதால் கெட்ட உரத்தையும் அது தாங்கிக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். மூன்றாம் நாள் முளைத்ததை எண்ணி, வேரை அளவுகோலில் அளந்து பாருங்கள்.

தண்ணீர்த் தட்டில் 19 முளைத்து, வேர் சராசரி 40 மில்லிமீட்டர். உரத் தட்டில் 16 முளைத்து, வேர் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16-ஐ 19-ஆல் வகுத்தால் 84 சதவீதம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் பரவாயில்லையே என்பார். ஆனால் வேர் பாதிதான், 50 சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 42, இதுதான் முளைப்பு எண். ஐம்பதுக்குக் கீழே என்றால் வேருக்கு நஞ்சு. 80-ஐத் தாண்டினால் நம்பிக் கொடுக்கலாம். நல்ல வேர் வெள்ளையாக, மெல்லிய தூவியோடு இருக்கும். கெட்ட சாற்றில் நுனி பழுப்பேறிக் கட்டையாக நிற்கும்.

42 வந்த குவியலை என்ன செய்வது? புரட்டி, ஈரம் கொடுத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அமிலமும் அம்மோனியாவும் காரணமென்றால் எண் ஏறும். ஏறாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் உப்புதான். மாட்டு மூத்திரம் நிறையச் சேர்ந்த தொழுவக் குப்பையிலும், உப்புப் போட்ட சமையல் கழிவிலும் இது வரும். உப்பு எத்தனை மாதம் வைத்தாலும் மக்காது. மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்துத்திறன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு உரத்துக்கு அது 4-ஐத் தாண்டக்கூடாது. கரிமம், தழைச்சத்து விகிதம் 20-ஐத் தாண்டக்கூடாது. பெயர் போட்டு விற்க நினைப்பவர்கள் ஆணையின் மற்ற விதிகளை வேளாண் அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

விற்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். ஒவ்வொரு மூட்டையிலும் குவியல் எண், சோதித்த தேதி, பிளாஸ்க்கில் ஏறிய டிகிரி, முளைப்பு எண் நான்கையும் மார்க்கரால் எழுதிக் கொடுங்கள். வாங்குகிற விவசாயிகள் அந்த நான்கும் இல்லாத மூட்டையை நாற்றங்காலுக்கு எடுக்க வேண்டாம். எடுத்தே தீர வேண்டுமென்றால், நடவுக்கு ஒரு மாதம் முன்பே வயலில் கொட்டி உழுதுவிடுங்கள்.