நாமா, நாங்களா?

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் கணக்கு எழுதியவன், தமிழ்ப் பண்டிதன் இல்லை. போன கோடையில் இங்கே நடந்த ஒரு குழப்பத்துக்கு நானே காரணம் என்பதால் இதைப் பேசுகிறேன்.

சம்ப் சுத்தம் செய்வது பற்றிய சர்க்குலரை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். "ஞாயிறன்று வீ சுத்தம் செய்வோம், செலவை வீ ஏற்போம்" என்பது அதன் சாரம். அடுத்த மாத பில்லில் வீட்டுக்கு 150 ரூபாய் கூடியதும் இன்டர்காம் ஒலித்தது. "சார், நீங்கதானே செலவை ஏத்துக்கிறோம்னு எழுதினீங்க?" என்றார் இரண்டாம் மாடி அம்மா. "நாம எல்லாரும்னு நினைச்சு எழுதினேம்மா" என்றேன். "அது பேப்பர்ல இல்லையே சார்!" என்றார். அவர் சொன்னது சரி.

முதல் 'வீ' கமிட்டி மட்டும், அது 'நாங்கள்'. இரண்டாவது எல்லா வீட்டுக்காரர்களும், அது 'நாம்'. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். "நாங்க கல்யாணத்துக்குப் போறோம்" என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார். "நாம போறோம்" என்றால் அவரும் புறப்படுவார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான்.

தமிழிலும் ஓர் ஓட்டை உண்டு. 'போவோம்', 'ஏற்போம்' என்ற வினைமுடிவு இரண்டுக்கும் பொது. "செலவை ஏற்போம்" என்று மொட்டையாக எழுதினால் அதே சண்டை தமிழிலும் வரும். அதனால் நாம், நாங்கள் என்பதை விடாமல் எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் என்ன செய்வது? 'வீ' வரும் இடத்தில் ஆளின் பெயரைப் போடுங்கள். நாங்கள் என்றால் 'தி கமிட்டி' அல்லது 'மை வைஃப் அண்ட் ஐ'. நாம் என்றால் 'ஆல் ரெசிடென்ட்ஸ்'. இருவரே என்றால் 'யூ அண்ட் ஐ'. 'லெட்ஸ் கோ' என்பது எப்போதும் 'நாம் போகலாம்'தான். அதையே பிரித்து வாட்ச்மேனிடம் 'லெட் அஸ் கோ' என்றால் 'எங்களைப் போக விடு' என்றும் ஆகும்.

இன்னொன்று. நாம் பாசத்தில் சொந்த மகனையே "நம்ம பையன்" என்போம். கேட்பவரையும் உறவாக்கிக்கொள்ளும் பேச்சு அது. அதை அப்படியே 'அவர் சன்' என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அங்கே 'மை சன்' என்பதே குழப்பமில்லாதது.

இந்த முறை சர்க்குலரைத் திருத்திவிட்டேன்: 'தி கமிட்டி' சுத்தம் செய்யும், செலவை 'ஆல் ஃப்ளாட் ஓனர்ஸ்' சமமாகப் பகிர்வார்கள். தொகையும் அதிலேயே இருக்கிறது. இதுவரை இன்டர்காம் ஒலிக்கவில்லை.