புது மானேஜரின் முதல் 90 நாள்

(வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகளில் பலர் குடோன், தொழிற்சாலை, கடை, அலுவலகம் என்று வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடத்தில் பதவி உயர்வு பெறுகிறார்கள். நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கே இன்று மானேஜராக வேண்டியிருக்கிறது. அந்த முதல் மூன்று மாதத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரே தாளில் எழுதி, மேலதிகாரிக்கும் தன் குழுவுக்கும் கொடுப்பது நல்ல வழக்கம். மைக்கேல் வாட்கின்ஸ் என்பவர் 2003-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் பிறகு ‘முதல் 90 நாள்’ என்ற பேச்சு கம்பெனிகளில் பரவலாகிவிட்டது. அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதை மட்டும் இன்று பார்ப்போம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வண்டி உதிரி பாகங்களைக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு குடோன். அதில் 14 பேர் வேலை செய்கிறார்கள். பில் வந்ததும் ஒருவர் ரேக்கிலிருந்து சாமானை எடுப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார், மற்றொருவர் பேக்கிங் செய்வார். மாலை 6 மணிக்கு லாரி கிளம்பும். ஒரு நாளைக்கு 100 ஆர்டர் வருகிறது, அதில் சில லாரியைத் தவறவிடுகின்றன. மேலதிகாரி புது மானேஜரிடம், “இந்தத் தொல்லையை ஒரு மாதத்தில் நிறுத்திவிடு” என்கிறார். குழுவில் இருப்பவர்களோ, “நம்ம தம்பிதான் மானேஜர், இனி ஓவர்டைம் தொல்லை குறையும்” என்று நினைக்கிறார்கள். இரண்டு எதிர்பார்ப்பும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன. அதனால்தான் தாள் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். மேலதிகாரிக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று எழுதினால், ஒரு வாரத்தில் ஒன்று மற்றவர் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் எதையும் இரண்டு பக்கமும் நம்பாது.

தாளின் முதல் பகுதியில், எதெல்லாம் இப்போதைக்கு மாறாது என்று எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். “முதல் 30 நாளுக்கு ஷிப்ட் மாறாது. யாருடைய வேலையும் இடம் மாறாது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட லீவு அப்படியே இருக்கும். ஓவர்டைம் முறை வைத்து வரும், அந்தப் பட்டியல் சுவரில் ஒட்டப்படும்.” இந்த நாலு வரியைப் படித்தால் குழு நிம்மதியாக வேலை பார்க்கும். கடைசி வரி நேற்றைய நண்பர்களுக்காக. பட்டியல் எல்லோர் கண்ணிலும் இருந்தால், கூட்டாளிக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம் என்ற பேச்சு எழாது.

இரண்டாவது பகுதி, முதல் 30 நாளில் செய்யும் வேலை. அது கேட்பதும் எண்ணுவதும்தான். 14 பேரிடமும் தனித்தனியாக இருபது நிமிடம் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்றால் ஏழு வேலை நாளில் முடிந்துவிடும். எல்லோரிடமும் அதே மூன்று கேள்வி: உங்கள் வேலையில் தினமும் எங்கே தடங்கல் வருகிறது? எதை மாற்றக் கூடாது? என்னிடமிருந்து என்ன வேண்டும்? அங்கே சொல்லப்படும் சொந்த விஷயங்கள் தாளில் ஏறக் கூடாது. யாருடைய சம்பளம், யாருடைய குறை என்பதும் அந்தத் தாளுக்கு உரியதல்ல. அவற்றைத் தனியே பேச வேண்டும்.

எண்ணுவது இப்படி. நேரத்துக்கு வந்தும் லாரியில் ஏறாத ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் அப்போதே குறிக்க வேண்டும். 12 வேலை நாள் எழுதினால் போதும். நம் உதாரணத்தில் நூற்றுக்கு 15 தவறுகிறது என்று தெரியவருகிறது. அதில் 8, கம்ப்யூட்டரில் ஸ்டாக் இருக்கிறது ஆனால் ரேக்கில் சாமான் இல்லை என்பதால். 4, விற்பனைப் பிரிவு மாலை ஐந்தரைக்கு பில் அனுப்பி, இன்றே போக வேண்டும் என்று சொல்வதால். மீதி 3, சரிபார்க்கும் மேசையில் குவிந்துவிடுவதால். இப்படி எண்ணிப் பார்ப்பதற்கு முன் எல்லோரும் சொல்லியிருப்பது, “பசங்க வேகமா எடுக்கலை” என்பதுதான். நோட்டு வேறு கதை சொல்கிறது. பையன் வேகமாகத்தான் போகிறான், ரேக்கில் சாமான் இல்லாததால் தேடி அலைகிறான்.

இந்த நோட்டும் பொய் சொல்லலாம். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே காரணமாக இருந்தால், மாலையில் ஒருவர் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார் என்று பொருள். அப்போது திட்டக் கூடாது. நோட்டு இருக்கும் இடத்தை லாரி ஏற்றும் வாசலுக்கு மாற்றினால், சாமான் நிற்கும்போதே எழுதுவது எளிதாகிவிடும்.

மூன்றாவது பகுதி, 31-லிருந்து 60 வரை. இங்கே ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாகச் செய்தால், எதனால் பலன் வந்தது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. 15-ல் 8-க்குக் காரணம் ஸ்டாக் தவறு என்பதால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். வேகமாகப் போகும் சாமான்கள் 200 ரேக் இடங்களில் இருக்கின்றன என்று வைப்போம். தினம் இரண்டு பேர் அரை மணி நேரம் ஒதுக்கி 20 இடத்தை எண்ணி, கம்ப்யூட்டர் கணக்கோடு ஒப்பிட வேண்டும். பத்து வேலை நாளில் 200 இடமும் ஒரு சுற்று முடியும். எண்ணித் திருத்துவது பாதி வேலைதான். தவறு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கடைகளிலிருந்து திரும்பி வரும் சாமானைப் பதிவு செய்யாமல் ஏதோ ஒரு காலி இடத்தில் வைப்பதில்தான் பிறக்கும். அதனால் கூடவே ஒரு விதியும் வேண்டும்: பதிவு ஏறாத சாமான் ரேக்கில் ஏறாது.

இந்தத் திட்டத்தைக் குழுவிடம் காட்டும்போது அது முடிந்த தாளாக இருக்கக் கூடாது. முதலில் மேலதிகாரியிடம் வரைவாகக் காட்டி, பிறகு குழுவிடம் வரைவாகவே காட்ட வேண்டும். “காலையில் எண்ணினால் முதல் லோடு தாமதமாகும், சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது சரியாக இருக்கும், ஏனென்றால் அந்த லோடை ஏற்றுபவர் அவர்தான். நேரத்தை அடித்துவிட்டு மதியம் என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதி, திருத்திய தாளை மேலதிகாரிக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். தங்கள் சொல் தாளில் ஏறியதைப் பார்த்தவர்கள் அந்த வேலையைத் தங்கள் வேலையாகச் செய்வார்கள்.

நான்காவது பகுதி மேலதிகாரிக்கானது: அவரிடமிருந்து என்ன தேவை. அவர் கேட்டது, ஒரு ஆர்டர்கூடத் தவறக் கூடாது என்பது. தாளில் எழுத வேண்டியது, “90-வது நாளில் நூற்றுக்கு 15 என்பது 7 ஆகும்” என்பது. ஏன் பூஜ்யம் இல்லை? அந்த 15-ல் 4 விற்பனைப் பிரிவின் கையில் இருக்கிறது. மாலை 4 மணிக்குப் பிறகு வரும் பில் மறுநாள் லாரியில்தான் போகும் என்று அந்தப் பிரிவோடு பேசி முடிவு செய்ய புது மானேஜருக்கு அதிகாரம் இல்லை, மேலதிகாரிக்கு இருக்கிறது. “இதை 45-வது நாளுக்குள் நீங்கள் பேசித் தந்தால் 7 என்பது 3 ஆகலாம்” என்று மரியாதையாக, ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் “சரி சார், முடிச்சுடலாம்” என்று பூஜ்யத்துக்கு ஒப்புக்கொண்டால், அந்தச் சுமை கடைசியில் 14 பேர் தலையில் ஓவர்டைமாக இறங்கும். குழுவும் அதே தாளைப் படிப்பதால், தங்கள் மானேஜர் மேலே எதைக் கேட்டார் என்று அவர்களுக்கும் தெரியும்.

61-லிருந்து 90 வரை புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். செய்த மாற்றம் மானேஜர் இல்லாத நாளிலும் நடக்கிறதா என்று பார்க்கும் காலம் அது. அவர் லீவு போட்ட அன்று 20 இடம் எண்ணப்பட்டதா? எண்ணப்படவில்லை என்றால் அது இன்னும் பழக்கமாகவில்லை.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே எண்ணைக் குறைக்கச் சொன்னால் ஆட்கள் அதை எப்படியாவது குறைத்துவிடுவார்கள். லாரியைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சரிபார்ப்பைத் தாண்டிவிட்டால் ஆர்டர் லாரியில் ஏறும், ஆனால் தவறான சாமான் கடைக்குப் போகும். அதனால் தாளில் இரண்டாவது எண் ஒன்றும் வேண்டும்: தவறான சாமான் என்று கடைகளிலிருந்து திரும்பி வருவது வாரத்துக்கு எத்தனை? முதல் எண் குறைந்து இரண்டாவது ஏறினால், அது முன்னேற்றம் இல்லை.

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 90 நாளுக்குள் தீபாவளி வரலாம், ரமலான் வரலாம், வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் வரலாம். பண்டிகை வாரத்தில் ஆர்டர் 100-லிருந்து 160 ஆகி, 16 தவறினால், “15 ஆக இருந்தது 16 ஆகிவிட்டதே” என்று மேலதிகாரி கேட்பார். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் 15 என்பது 10 ஆகியிருக்கிறது. எனவே முதல் நாளிலிருந்தே நூற்றுக்கு எத்தனை என்று எழுதி வந்தால், அந்த வாரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தாளில் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. குடோனின் ரேக் வரிசை முழுவதையும் மாற்றுவது, புது சாஃப்ட்வேர் வாங்குவது, யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று தீர்ப்பு எழுதுவது. இவை மூன்று மாதத்தில் முடிகிற காரியங்கள் அல்ல. எழுதிவிட்டு நிறைவேற்றாத வரிகள், நிறைவேற்றிய வரிகளின் மதிப்பையும் கெடுக்கும்.

கடைசியாக, 30, 60, 90 ஆகிய மூன்று நாட்களிலும் அதே தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நடந்ததை எழுதி இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். 7 என்று சொன்னது 9-ல் நின்றால் 9 என்றே எழுதி, நோட்டைப் பார்த்துக் காரணத்தையும் எழுதுங்கள். மேலதிகாரி தர வேண்டியது வரவில்லை என்றால் அந்த வரிக்கு எதிரே “இன்னும் வரவில்லை” என்று மட்டும் எழுதினால் போதும். பழி சொல்லும் வார்த்தை வேண்டாம். அடுத்த மூன்று மாதத்துக்கான தாள், அந்த மீதி 9 ஆர்டரிலிருந்து தொடங்கும்.